பணி விலகல் கடிதம் தமிழில் எழுதுவது எப்படி? 'விடுப்பு'ன்னு போட்டா அர்த்தமே மாறிடும்!

வேப்பம்பட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடை அலுவலகம். அங்கே எழுத்தராக இருப்பவருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் வேப்பம்பட்டு அரக்கோணம் ரயில் பாதையிலும், கும்மிடிப்பூண்டி கூடூர் பாதையிலும் இருக்கின்றன. ரயிலில் போகணும்னா சென்னை வரை வந்து சுற்றித்தான் போகணும். தினமும் அது கட்டுப்படியாகாது என்பதால் வீட்டையும் மாற்றிக்கொண்டு போக வேண்டிய நிலை.

முதலாளியிடம் வாயால் சொல்லியாச்சு. "எழுதிக் கொடுத்துடுப்பா" என்கிறார் அவர். என்ன எழுதணும்? எதில் கவனமா இருக்கணும்? விளக்கமாகப் பார்க்கலாம்.

'விலகல்' வேறு, 'விடுப்பு' வேறு

கடிதத்தின் பொருள் வரியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'பணி விடுப்பு' என்றால் லீவு. 'பணி ஓய்வு' என்றால் ரிட்டயர்மென்ட். 'பணி நீக்கம்' என்றால் நிர்வாகமே வேலையை விட்டு அனுப்புவது. நாமாக வேலையை விடுவதற்குச் சரியான சொல் 'பணி விலகல்'.

'ராஜினாமா' என்று எழுதினாலும் தவறில்லை. பாரசீகத்தில் இருந்து உருது வழியாக வந்த சொல் அது. சம்மதத்தைக் குறிக்கும் 'ராஜி'யும், எழுத்து ஆவணத்தைக் குறிக்கும் 'நாமா'வும் சேர்ந்தது.

இன்னொரு சொல் 'பணி விடுவிப்பு'. இது நாம் செய்வதில்லை, நிர்வாகம் செய்வது. விலகுவது ஊழியர், விடுவிப்பது அலுவலகம். இரண்டுமே கடிதத்தில் வரணும்.

மாதிரிக் கடிதம்

விடுநர்
(பெயர்), எழுத்தர்,
(அலுவலகத்தின் பெயர்), வேப்பம்பட்டு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
(அலுவலகத்தின் பெயர்), வேப்பம்பட்டு.

நாள்: 01.07.2026

ஐயா,

பொருள்: எழுத்தர் பணியிலிருந்து விலகுதல் – பணி விடுவிப்பு கோருதல் – தொடர்பாக.

வணக்கம். நான் தங்கள் அலுவலகத்தில் (பணியில் சேர்ந்த நாள்) முதல் எழுத்தராகப் பணியாற்றி வருகிறேன். வெளியூரில் வேறு பணி கிடைத்துள்ளதால், எனது எழுத்தர் பணியிலிருந்து 31.07.2026 அன்று பணி நேர முடிவில் விலகுகிறேன். எனது பணி நியமன ஆணையில் குறிப்பிட்டபடி 30 நாள் முன்னறிவிப்பாக இக்கடிதத்தை அளிக்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள பதிவேடுகள், ரசீதுப் புத்தகங்கள், சாவிகள் ஆகியவற்றைத் தாங்கள் குறிப்பிடும் நபரிடம் அந்த நாளுக்குள் ஒப்படைத்துவிடுகிறேன். என்னைப் பணியிலிருந்து விடுவித்து, பணி விடுவிப்புச் சான்றும் பணி அனுபவச் சான்றும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

அவ்வளவுதான். மேலாளர் பெண் என்றால் 'ஐயா' என்பதற்குப் பதில் 'அம்மையீர்'. 'பெறுநர்' என்பதில் வல்லின 'று'தான் வரும், 'பெருநர்' என்று எழுதக் கூடாது. புதிய கம்பெனியின் பெயரையோ, அங்கே தரப்போகும் சம்பளத்தையோ சொல்ல வேண்டிய அவசியமில்லை. 'வெளியூரில் வேறு பணி' என்ற காரணமே போதும்.

'விலகுகிறேன்' என்று ஏன் எழுதணும்?

'விலகலாம் என்று இருக்கிறேன்', 'விலக விரும்புகிறேன்' என்று மரியாதைக்காக இழுத்து எழுதுவது நம்ம வழக்கம். ஆனால் அது விருப்பத்தை மட்டும்தான் சொல்கிறது, முடிவைச் சொல்லவில்லை. பிறகு தகராறு வந்தால், "யோசிக்கிறேன்னுதானே எழுதியிருக்கார், எப்போ வேலையை விட்டார்?" என்ற கேள்வி எழும். வினைச்சொல் உறுதியாக இருக்கட்டும். மரியாதைக்கு 'ஐயா', 'தங்கள்' எல்லாம் இருக்கே!

தேதியில் என்ன இருக்கு?

கடிதத்தில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று கடிதம் கொடுக்கும் நாள், மற்றொன்று கடைசி வேலை நாள். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது பணி நியமன ஆணையில் இருக்கும். முதலில் அதை எடுத்துப் பாருங்க.

நாள் கணக்கிடும்போது, கடிதம் கொடுத்த நாளைச் சேர்க்காமல் எண்ணுவதே வழக்கம். ஜூலை 1-ல் கொடுத்தால் ஜூலை 2 முதல் நாள், ஜூலை 31 முப்பதாவது நாள். கணக்கு சரி. அதே கடிதத்தை ஒரு நாள் தள்ளி ஜூலை 2-ல் கொடுத்தால் 29 நாள்தான் வரும். அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆணையில் '30 நாள்' என்றில்லாமல் 'ஒரு மாதம்' என்று இருந்தால், ஜூலை 1-ல் கொடுத்தவருக்கு ஆகஸ்ட் 1 வரை போகும்.

கடைசி நாள் தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதீஷ் சந்திரா, 1977 மே 7-ல் குடியரசுத் தலைவருக்கு ராஜினாமா கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தார். ஆனால் ஜூலை 15-ல் இன்னொரு கடிதம் எழுதி, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்.

'எழுதிக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியுமா?' என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குறிப்பிட்ட தேதி வருவதற்கு முன்பே திரும்பப் பெற்றதால் அது செல்லும் என்று 1978-ல் தீர்ப்பு வந்தது. பின்னர் பொதுத்துறை ஊழியர்களின் வழக்குகளிலும் இதே கொள்கை பின்பற்றப்பட்டது. தனியார் அலுவலகங்களில் அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்து இது மாறலாம். அதனால் புதிய வேலைக்கான ஆணை கைக்கு வந்த பிறகு கடிதம் கொடுப்பதே பாதுகாப்பு.

கொடுத்ததற்கு ஆதாரம்?

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்க. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வாங்கணும். தேதி இல்லாத கையெழுத்தை வைத்து 30 நாள் கணக்கை நிரூபிக்க முடியாது. வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது தபால் போய்ச் சேரும் நாளில் இருந்து கணக்குப் போடுவார்கள் என்பதால், சில நாள் முன்கூட்டியே அனுப்புவது நல்லது.

பாக்கி சம்பளம், பி.எஃப். என்ன ஆகும்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 31-ம் தேதி விலகினால், அங்கிருந்து இரண்டு வேலை நாள்.

பி.எஃப். பிடித்தம் இருந்தால், பழைய அலுவலகம் 'வெளியேறிய தேதி'யைப் பதிவு செய்ய வேண்டும். அது கடிதத்தில் உள்ள கடைசி வேலை நாளோடு பொருந்தணும். பழைய அலுவலகம் பதிவு செய்யவில்லை என்றால், கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். இணையதளத்தில் ஊழியரே பதிவு செய்துகொள்ளலாம். அப்போது எந்தத் தேதி என்ற குழப்பம் வராமல் காப்பாற்றுவது, முத்திரை வாங்கி வைத்த அந்த இரண்டாவது பிரதிதான்.