75 பென்ஸ் உயர்வும் ஒரு கழித்தல் கணக்கும்

2000-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரிட்டனின் அடிப்படை அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 66.75 பவுண்டிலிருந்து 67.50 பவுண்டாக உயர்ந்தது. அதாவது வெறும் 75 பென்ஸ். முதியவர்கள் இதை ஓர் அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் விதியை மீறவில்லை. முந்தைய செப்டம்பரில் விலைவாசி உயர்வு 1.1 சதவீதம்தான். ஓய்வூதியமும் அதே அளவு உயர்ந்தது.

கோளாறு 20 வருடம் முன்பே நடந்துவிட்டது. 1970களின் நடுவில், பார்பரா காசில் அமைச்சராக இருந்தபோது, விலைவாசி, சம்பளம் இரண்டில் எது அதிகமாக உயர்ந்ததோ அதன்படி ஓய்வூதியமும் உயரும் என்று இருந்தது. 1980-ல் தாட்சர் அரசு அதை விலைவாசியோடு மட்டும் கட்டிவிட்டது. அன்று யாருடைய ஓய்வூதியமும் ஒரு பென்னி கூடக் குறையவில்லை. அப்படியானால் இழப்பு எவ்வளவு? அதற்கு வளரும் தொகையை மதிப்பிடத் தெரிய வேண்டும்.

வளராத தொகைக்குக் கணக்கு சுலபம். 1751-ல் பிரிட்டன் 'கன்சால்' என்ற கடன் பத்திரங்களை உருவாக்கியது. அசலைத் திருப்பித் தர இத்தனை வருடம் என்ற கெடு கிடையாது, வட்டி மட்டும் வந்துகொண்டே இருக்கும். வருடம் 5 பவுண்டு என்றென்றும் வரும், சந்தை வட்டி 5 சதவீதம் என்றால், அதன் இன்றைய மதிப்பு 5-ஐ 0.05-ஆல் வகுத்தால் வரும் 100 பவுண்டு.

தொகை வருடா வருடம் வளர்ந்தால் என்ன செய்வது? ஜான் பர் வில்லியம்ஸ் 1938-ல் பங்குகளை மதிப்பிட இதை எழுதினார். 1956-ல் கார்டனும் ஷாப்பிரோவும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலானது. வளர்ச்சி தொகையைப் பெருக்குகிறது, வட்டி அதன் இன்றைய மதிப்பைச் சுருக்குகிறது. ஆகவே வட்டியிலிருந்து வளர்ச்சியைக் கழித்து, அந்த மிச்சத்தால் வகுத்தால் போதும்.

ஆனால் ஓய்வூதியம் ஒருநாள் நின்றுவிடும். அதனால் இன்று தொடங்கும் முடிவில்லாத தொடரிலிருந்து, 20 வருடம் கழித்துத் தொடங்கும் முடிவில்லாத தொடரைக் கழிக்க வேண்டும்.

```
P = C / (r - g)
A = C / (r - g) × [1 - ((1+g)/(1+r))^n]
```

இதில் C முதல் வருட முடிவில் வரும் தொகை, r வட்டி, g வளர்ச்சி, n வருடங்கள். P முடிவில்லாத தொடரின் மதிப்பு, A முடிவுள்ள தொடரின் மதிப்பு.

வாரம் 67.50 என்றால் 52 வாரத்துக்கு 3,510 பவுண்டு. ஒருவர் 20 வருடம் வாங்குகிறார், வட்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். விலைவாசி 2 சதவீதம் உயர்ந்தால் A சுமார் 51,500 பவுண்டு. சம்பளத்தோடு சேர்ந்து 4 சதவீதம் உயர்ந்தால் சுமார் 61,100. வித்தியாசம் 9,600 பவுண்டுக்கும் மேல், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் வருட ஓய்வூதியம். சட்டத்தில் சில வார்த்தைகளை மாற்றியதன் விலை இது.

இதே எண்களை முடிவில்லாத தொடரில் போட்டால் கதையே வேறு. 2 சதவீதத்துக்கு 1,17,000, 4 சதவீதத்துக்கு 3,51,000. மூன்று மடங்கு! காரணம், கழித்து வரும் மிச்சம் 3-லிருந்து 1-ஆகக் குறைகிறது. அந்த 3,51,000-ல் முதல் 20 வருடத்தின் பங்கு 17 சதவீதம்தான். மீதி எல்லாம் அதற்குப் பிறகு வரும் பணம்.

வளர்ச்சி வட்டியை எட்டினால் மதிப்பு முடிவில்லாமல் போகும். வேகமாக வளரும் நிறுவனங்களின் பங்குகளை வைத்து டேவிட் டுராண்ட் 1957-ல் இதைத்தான் எச்சரித்தார். வளர்ச்சி வட்டியைத் தாண்டினாலோ P கழித்தல் குறியோடு வரும், அதற்கு அர்த்தமே இல்லை. 20 வருட ஓய்வூதியத்துக்கு அந்த ஆபத்து இல்லை. r, g சமமானால் எக்செல் `#DIV/0!` என்று காட்டும். ஆனால் உடைவது சூத்திரம்தான், ஓய்வூதியம் அல்ல. அப்போது ஒவ்வொரு வருடத் தொகையின் இன்றைய மதிப்பும் ஒன்றே, 3,510-ஐ 1.05-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் சுமார் 66,900 பவுண்டு.

பார்பரா காசில் 2002-ல் இறக்கும் வரை பழைய விதிக்காகப் போராடினார். 2000 செப்டம்பரில் தொழிற்கட்சி மாநாடே தன் தலைமையை எதிர்த்து அவர் பக்கம் வாக்களித்தது. ஆனாலும் அரசு அசையவில்லை. சம்பளத்தோடு மீண்டும் இணைக்கும் சட்டம் 2007-ல்தான் வந்தது. 2010-ல் வந்த புதிய அரசு விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் மூன்றில் எது அதிகமோ அது என்று அறிவித்தது.

அரசு ஏன் அவ்வளவு காலம் தயங்கியது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு முதியவருக்கு ஓய்வூதியம் முடிவுள்ள தொடர். அரசுக்கு அப்படி இல்லை. ஒருவர் போனால் இன்னொருவர் ஓய்வு வயதை எட்டுகிறார், கொடுப்பது நிற்பதே இல்லை. முதியவர் பார்ப்பது A, கருவூலம் பார்ப்பது P. அதே 2 சதவீதம் ஒருவருக்கு இரண்டே முக்கால் வருடப் பணம், மற்றவருக்கு மூன்று மடங்குச் சுமை.