ஆறாவது பாடம் வரை பிறக்காத பிள்ளை

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு 1928-ல் வானொலி ஒலிவாங்கி வந்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. ஆனால் அந்த ஒலிவாங்கி எதைப் பிடித்தது என்பது தெளிவாகாமல் அந்தக் கதைக்குள் போக முடியாது. 1880-ல் ட்ரூரோவில் ஆயர் பென்சன், பேராலயம் கட்டி முடியாத நிலையில், தற்காலிக மரக்கொட்டகையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 10 மணிக்கு ஒன்பது சிறு பாடங்களும் ஒன்பது கீதங்களும் கொண்ட ஆராதனையை நடத்தியதை வாசகர்கள் அறிவீர்கள். குடிகாரர்களை மதுக்கடையிலிருந்து இழுக்கவே அவர் இதைச் செய்தார் என்பது இன்றும் பலர் சொல்லும் காரணம். அது உண்மையாகவே இருந்தாலும் இரவு 10 மணி ஏன் என்பதை மட்டும்தான் விளக்கும். ஒன்பது பாடங்கள் ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்பதை விளக்காது. அந்த வரிசைதான் இந்த ஆராதனையின் உயிர். காத்திருத்தலை உண்டாக்குவது பிரசங்கமல்ல, வரிசையே என்பது என் வாதம்.

பென்சன் பின்னாளில் கேன்டர்பரி பேராயர் ஆனவர். வரலாறு அவருக்கு வேண்டிய அளவு மாலை போட்டுவிட்டது. என் நாயகன் எரிக் மில்னர்-வைட். முதல் உலகப் போரில் படைக் குருவாக இருந்துவிட்டு, 34 வயதில் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் டீனாகப் பொறுப்பேற்று, 1918 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் ட்ரூரோ ஆராதனையை அங்கே கொண்டுவந்தார். மறு ஆண்டே பாடங்களைத் திருத்தி அடுக்கினார். அவர் அடுக்கியபடி பார்த்தால், முதலில் ஏதேன் தோட்டத்தில் ஆதாம் ஒளிந்துகொள்கிறான். பிறகு ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம். பிறகு ஏசாயாவின் இரண்டு தீர்க்கதரிசனங்கள், அதில் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கப்படுபவை மூன்றே வசனங்கள். ஐந்தாவதாக மரியாளிடம் காபிரியேல். பிள்ளை பிறப்பது ஆறாவதில்தான். அதன்பின் மேய்ப்பர், சாஸ்திரிகள், கடைசியில் யோவானின் முதல் அதிகாரம். பாடற்குழுச் சிறுவனில் தொடங்கி கல்லூரித் தலைவரில் முடியும் வாசிப்பவர்களின் ஏறுமுகமும் இதே ஏக்கத்தைப் பெருக்குகிறது. கீதங்களும் அப்படியே: தொடக்கத்தில் ஒரே ஒரு சிறுவனின் குரல், இரண்டாம் சரணத்தில் பாடற்குழு, பிறகே சபை. எல்லோரும் சேர்ந்து உரக்கப் பாடும் 'ஓ கம் ஆல் யீ ஃபெயித்ஃபுல்', 'ஹார்க் தி ஹெரால்ட்' இரண்டும் ஒன்பதாம் பாடத்துக்குப் பின்னரே வருகின்றன. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும்போது சாளரங்களின் வண்ணக் கண்ணாடியில் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் அங்கே 4 மணிக்கு முன்பே சூரியன் மறைவதால், பாதியில் மெழுகுவர்த்திகள் மட்டுமே மிஞ்சும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1919 முதல் ஆராதனையைத் தொடங்கி வைக்கும் 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி' பெத்லகேம் பிறப்பையே பாடுகிறதே, முதல் வரியிலேயே குழந்தை வந்துவிட்டால் காத்திருப்பு எங்கே? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முடிவு தெரியாத ஆவல் வேறு, காத்திருத்தல் வேறு. தெருக்கூத்து பார்க்க வருபவனுக்குத் துரியோதனன் வீழ்வான் என்பது தெரியும். இருந்தும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான். அந்த ஊர்வலக் கீதம் முடிவைச் சொல்லிவிடுகிறது. அடுத்த பாடம் சபையைக் கையைப் பிடித்து ஆதாமிடம் திருப்பிக் கொண்டுபோகிறது. முடிவு தெரிந்ததால்தான் அந்தத் தூரம் கனக்கிறது. 1918-ல் கேட்டவர்களுக்குப் போர் முடிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. மில்னர்-வைட் எழுதிய தொடக்க ஜெபம் மறுகரையில் நின்று மகிழ்வோரையும் நினைவுகூர்கிறது. இனி வராதவர்களுக்காகக் காத்திருந்து பழகிய வீடுகளிலிருந்து வந்தவர்களிடம், காத்திருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று அவர் பசப்பவில்லை. ஆபிரகாமும் ஏசாயாவும் வாக்கை மட்டும் கேட்டு, நிறைவேறியதைக் காணாமலே போனவர்கள்; அவர்களைத்தான் முன்வரிசையில் நிறுத்தினார்.

நம் சபைகளின் கீத ஆராதனைகள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். நேரம் போதாது என்று பழைய ஏற்பாட்டுப் பாடங்களை வெட்டிவிட்டு மேய்ப்பரையும் சாஸ்திரிகளையும் வைத்துக்கொள்கிறார்கள். சிறுவர்களுக்கு வேடம் போட வசதி என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அப்போது மிஞ்சுவது பிறந்தநாள் விழா, காத்திருப்பு அல்ல. ஐந்து பாடங்களுக்கே நேரம் என்றால் ஆதியாகமம் 3, ஏசாயா 9, லூக்கா 1, லூக்கா 2, யோவான் 1 என்று வையுங்கள். மூன்று பாடங்கள் முடிந்தபின்தான் பிறப்பு வரும். கிங்ஸ் வரிசையில் பிரசங்கம் கிடையாது. போதகர் பேசியே ஆகவேண்டும் என்றால், மரியாள் சம்மதித்த பிறகு, பிள்ளை பிறப்பதற்கு முன்பு, இரண்டு நிமிடம் பேசட்டும். கடைசியில் பேசினால்தான் மனதில் நிற்கும் என்பார்கள். ஆனால் எல்லாம் வந்து சேர்ந்தபின் காத்திருத்தலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அந்த இரண்டு நிமிடத்துக்கும் ஒரே பொருள் போதும்: சொல்லப்பட்டது இன்னும் நடக்கவில்லை, ஆனாலும் மரியாள் ஆம் என்றாள். மெழுகுவர்த்திகளையும் அதுவரை ஏற்றாமல் வைத்திருங்கள். ஒலிவாங்கி வந்த கதை அடுத்த வாரம்.