ஏரியில் கிடைத்த ஒரே ஒரு தொடை எலும்பு... ஆள் எவ்வளவு உயரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

பாகூர் ஏரியில் தூர்வாரும் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜேசிபி அள்ளிய மண்ணோடு நீளமான ஒரு எலும்பும் வருகிறது. வேலை நின்றுவிடுகிறது, போலீஸ் வருகிறது. பாகூர், வில்லியனூர் பக்கத்தில் காணாமல் போன மூன்று ஆண்களின் புகார்கள் இன்னும் முடிக்கப்படாமல் இருக்கின்றன. ஒருவர் 5 அடி 4 அங்குலம், இன்னொருவர் 5 அடி 10 அங்குலம், மூன்றாமவர் 5 அடி 1 அங்குலம் என்று புகாரில் எழுதியிருக்கிறது.

இது ஒரு கற்பனைச் சம்பவம்தான். ஆனால் இப்படி எலும்பு கிடைத்தால் போலீஸ் தடயவியல் மருத்துவரிடம் அனுப்பும் கேள்விகள் நிஜமானவை. மனித எலும்பா? ஆணா, பெண்ணா? என்ன வயது? உயிரோடு இருந்தபோது எவ்வளவு உயரம்? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எப்படி வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏன் தொடை எலும்பு?

உடம்பிலேயே நீளமான எலும்பு இதுதான். கெட்டியானது என்பதால் மண்ணுக்குள் பல வருடம் கிடந்தாலும் பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கும். நாம் நிற்கும் உயரத்தில் கால் பங்கை விடக் கொஞ்சம் அதிகம் இந்த ஒரு எலும்புதான். உலகின் பல மக்கள் கூட்டங்களைச் சேர்த்துப் பார்த்தபோது வந்த சராசரி 26.74 சதவீதம். ஒரே எலும்பு உயரத்தின் இவ்வளவு பெரிய பங்கைச் சுமப்பதால், கை எலும்பை விட இதை வைத்துக் கணிப்பதில் தவறு குறைவு.

அளக்குறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பாங்க?

முதலில் வயது. வளரும் பருவத்தில் தொடை எலும்பின் இரண்டு முனைகளும் தண்டோடு முழுமையாக ஒட்டியிருக்காது. இடையில் குருத்தெலும்புக் கோடு இருக்கும். பதின்பருவத்தின் கடைசி வாக்கில்தான் அது மூடும். மூடவில்லை என்றால் அது வளர்ந்து முடியாத ஒருவரின் எலும்பு, பெரியவர்களுக்கான சூத்திரத்தை அதற்குப் போடக்கூடாது.

அடுத்தது ஆணா, பெண்ணா. இடுப்பில் பொருந்தும் பந்து போன்ற தலைப்பகுதியின் விட்டத்தை அளந்து இதைக் கணிப்பார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மேல்நாட்டு எலும்புகளை வைத்துப் போட்ட எல்லைக்கோட்டை அப்படியே எடுத்தால், சிறிய உடல்வாகு கொண்ட நம்ம ஊர் ஆணின் எலும்பு 'பெண்' என்று வந்துவிடலாம். அது நடந்தால் உயரக் கணக்கும் சேர்ந்தே தப்பாகும்.

பலகையில் எப்படி அளக்கிறாங்க?

டேப் வைத்து அளப்பதில்லை. இதற்கென்று அளவுகோல் பதித்த ஒரு பலகை இருக்கிறது. ஒரு பக்கம் அசையாத தடுப்பு, மறுபக்கம் நகர்த்தக்கூடிய தடுப்பு. எலும்பைப் பலகையில் படுக்க வைத்து, முழங்கால் பக்கத்துக் குமிழ்களில் உள்பக்கக் குமிழை அசையாத தடுப்பில் முட்ட வைப்பார்கள். நகரும் தடுப்பைப் பந்துத் தலையில் தொட வைத்து, எலும்பை மெதுவாக மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைப்பார்கள். அப்போது வரும் அதிகபட்ச எண்தான் முழு நீளம்.

இரண்டு குமிழ்களையும் தடுப்பில் முட்ட வைத்து அளக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதில் நீளம் சில மில்லிமீட்டர் குறைவாக வரும். சூத்திரம் எந்த அளவைக் கேட்கிறதோ அந்த அளவைத்தான் கொடுக்க வேண்டும். எலும்பில் 4 மில்லிமீட்டர் தப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் தப்பிவிடும்.

இன்னொரு விஷயம், டிஎன்ஏ பரிசோதனைக்கு இதே எலும்பின் நடுத்தண்டில் இருந்துதான் பெரும்பாலும் ஒரு துண்டு வெட்டுவார்கள். அதனால் வெட்டுவதற்கு முன்பே அளந்து, படமெடுத்து, குறித்துவைத்துவிட வேண்டும்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது?

எலும்பு நீளத்தையும் உயிரோடு இருந்தபோது அளந்த உயரத்தையும் ஒரே ஆளிடம் ஒப்பிட முடிந்தால்தான் நல்ல சூத்திரம் கிடைக்கும். அப்படி ஒரு வாய்ப்பு இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. பசிபிக் போர்முனையில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகள் அடையாளம் காண்பதற்காக ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டன. 1948-ல் அங்கே போன உடற்கூறியல் பேராசிரியை மில்ட்ரெட் டிராட்டர் அந்த எலும்புகளை அளந்தார். ராணுவத்தில் சேரும்போது எடுத்த உயரம் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்து, கோல்டின் கிளேசருடன் 1952-ல் சூத்திரங்களை வெளியிட்டார். வெள்ளையின ஆண்களுக்கான தொடை எலும்புச் சூத்திரம் இது:

உயரம் = (2.38 × எலும்பின் நீளம்) + 61.41 செ.மீ.

இதில் தவறு வரம்பு கூட்டியோ குறைத்தோ 3.27 செ.மீ. 100 பேரில் ஏறக்குறைய 68 பேர் இந்த வரம்புக்குள் வருவார்கள். 95 பேரை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் அதை இரட்டிப்பாக்கி 6.5 செ.மீ. என்று எடுக்க வேண்டும்.

இந்தியாவிலும் வேலை நடந்திருக்கிறது. வங்காளம், பீகார், ஒடிசா மக்களுக்காக 1924-ல் பான் என்பவரும், அன்றைய ஐக்கிய மாகாணங்களுக்காக, அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதிக்காக, 1931-ல் நாட் என்பவரும் பெருக்கல் எண்களைக் கொடுத்தார்கள். ஆணின் தொடை எலும்பை பான் கணக்கில் 3.82-ஆலும், நாட் கணக்கில் 3.70-ஆலும் பெருக்கினால் உயரம்.

நம்ம எலும்புக்குக் கணக்குப் போடலாமா?

பாகூர் எலும்பு வளர்ந்த ஆணுடையது, நீளம் 42.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

டிராட்டர் சூத்திரத்தில் 162.6 செ.மீ., அதாவது 5 அடி 4 அங்குலம். பான் எண்ணிலும் ஏறக்குறைய அதேதான், 162.4. நாட் எண்ணில் 157.3 தான் வருகிறது, 5 அடி 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரே எலும்பு, ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். பெண் என்று தவறாக எடுத்து டிராட்டரின் பெண்களுக்கான சூத்திரத்தைப் போட்டிருந்தால் 159.1 வந்திருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரே உயரமுள்ள இரண்டு பேரை உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவரின் தலை மற்றவரை விட உயரமாக இருக்கலாம். ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். இந்த விகிதம் மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். எந்த மக்களிடம் அளந்து சூத்திரம் செய்தார்களோ, அந்த மக்களுக்குத்தான் அது சரியாகப் பொருந்தும். அதனால் தென்னிந்திய எலும்புக்கு, தென்னிந்தியர்களிடமே அளந்து செய்த சூத்திரம் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

வெறும் பெருக்கலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நீளமான எலும்பில் அது உயரத்தைக் கூட்டிவிடும், குட்டையான எலும்பில் குறைத்துவிடும். 48 செ.மீ. எலும்புக்கு பான் எண் 183 செ.மீ. என்கிறது, டிராட்டர் சூத்திரம் 176-க்குள் நிற்கிறது. 38 செ.மீ. எலும்புக்கு பான் 145, டிராட்டர் 152. சராசரி ஆளுக்கு இரண்டும் ஒத்துப்போகும், ரொம்ப உயரமானவர், ரொம்பக் குள்ளமானவர் என்றால் விலகும்.

அப்போ அந்த மூணு பேர்ல யாரு?

டிராட்டர் சூத்திரப்படி 95 சதவீத வரம்பு 156-லிருந்து 169 செ.மீ. வரை. 5 அடி 10 அங்குலக்காரர் 178 செ.மீ., எந்தக் கணக்கிலும் இந்த எலும்பு அவருடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 5 அடி 4 அங்குலக்காரர் நடுவில் பொருந்துகிறார்.

மூன்றாமவரிடம்தான் கவனம் வேண்டும். 5 அடி 1 அங்குலம் என்றால் 155 செ.மீ., வரம்புக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே. "இவர் இல்லை" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நாட் எண் 157 தான் சொன்னது. அந்த ஆளுக்கு 60 வயது என்றால் இன்னொரு திருத்தமும் உண்டு. வயதாக ஆக முதுகுத்தண்டு சுருங்கி உயரம் குறையும், தொடை எலும்பு குறையாது. டிராட்டரும் கிளேசரும் 30 வயதுக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 0.06 செ.மீ. கழிக்கச் சொன்னார்கள். 60 வயதுக்கு 1.8 செ.மீ. கழியும். அதைச் செய்தாலே வரம்பின் கீழ் எல்லை 154-க்கு வந்துவிடுகிறது, அவர் உள்ளே வந்துவிடுகிறார். நேர்மையான அறிக்கை அவரை நீக்காது. இரண்டு குடும்பங்களிடமும் டிஎன்ஏ மாதிரி எடுக்கச் சொல்லும்.

உயரம் ஒருவரை 'இவர்தான்' என்று காட்டாது. பட்டியலைச் சுருக்கும், அவ்வளவுதான்.

எங்கெல்லாம் தப்பு நடக்கும்?

டிராட்டர் கணக்கிலேயே நடந்திருக்கிறது. அவர் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை அளந்தபோது, கணுக்கால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சேர்க்காமல் அளந்திருக்கிறார். ஆனால் எழுதியது சேர்த்து அளந்ததாக. இதை 1995-ல் ஜான்ட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவர் எழுதியபடியே அளந்து அந்தச் சூத்திரத்தில் போட்டால் உயரம் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். அவருடைய தொடை எலும்புச் சூத்திரத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

எலும்பு உடைந்திருந்தால்? புனேயில் மைசூரேகர் குழு 1980-களில் தொடை எலும்பின் கீழ்முனை போன்ற துண்டுகளை வைத்துக் கணிக்கும் வழியைச் செய்தது. ஆனால் துண்டிலிருந்து முழு நீளம், அதிலிருந்து உயரம் என்று இரண்டு படி ஏறும்போது தவறு வரம்பும் விரியும்.

கடைசியாக, எலும்பு சொல்லும் உயரம் வேறு, ஊர் பார்த்த உயரம் வேறாக இருக்கலாம். இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் 2012-ல் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. பாதங்கள் இல்லை. கணிக்கப்பட்ட உயரம் சுமார் 5 அடி 8 அங்குலம். ஆனால் அவருடைய முதுகுத்தண்டு பக்கவாட்டில் கடுமையாக வளைந்திருந்தது. நின்றபோது அவர் அதைவிடக் குட்டையாகத்தான் தெரிந்திருப்பார். தொடை எலும்பை மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

புகார் கொடுக்கும்போது உயரத்தை எப்படிச் சொல்லணும்?

மருத்துவர் எவ்வளவு கவனமாக அளந்தாலும், ஒப்பிடுவது புகாரில் இருக்கும் எண்ணோடுதான். பெரும்பாலும் அது வீட்டில் ஒருவர் குத்துமதிப்பாகச் சொன்னது. காணாமல் போனவர் போலீஸ் அல்லது ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போயிருந்தாலோ, மருத்துவமனைச் சீட்டில் உயரம் அளந்து எழுதியிருந்தாலோ அதன் நகலைப் புகாரோடு கொடுங்கள். எதுவும் இல்லை என்றால், "அளந்தது இல்லை, அண்ணன் தோள் அளவு இருப்பார்" என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். அண்ணனை அளந்துகொள்ளலாம். தப்பான ஒரு எண்ணால் சரியான ஆள் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க அது போதும்.