10,000 டி-ஷர்ட் விற்க 10,000 தைக்கணுமா? கணக்கு சொல்லும் உற்பத்தி பட்ஜெட்

தீபாவளி மாதத்தில் 10,000 டி-ஷர்ட் விற்கும் என்று திருப்பூரில் ஒரு சிறிய யூனிட் கணக்கு போடுகிறது என வைத்துக்கொள்வோம். இதுதான் விற்பனை பட்ஜெட். ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி. அப்படியானால் 2,000 கிலோ துணி வாங்கணும் என்று தோன்றும். அங்கேதான் பணம் முடங்குகிறது.

எத்தனை தைக்க வேண்டும்?

முதலில் குடோனைப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் தைத்து முடித்த 2,000 டி-ஷர்ட் கையில் இருக்கிறது. பண்டிகை முடிந்த பிறகு, அடுத்த மாத விற்பனை 6,000தான். அதில் 20 சதவீதம், அதாவது 1,200 டி-ஷர்ட் மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் போதும் என்பது யூனிட்டின் முடிவு.

விற்பனையோடு இறுதி இருப்பைக் கூட்டி, தொடக்க இருப்பைக் கழிக்க வேண்டும்.

10,000 + 1,200 − 2,000 = 9,200

ஆக, தைக்க வேண்டியது 9,200 டி-ஷர்ட்.

எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

துணிக் கணக்கை விற்பனையிலிருந்து போடக்கூடாது, உற்பத்தியிலிருந்து போட வேண்டும். 9,200 டி-ஷர்ட்டுக்கு 1,840 கிலோ தேவை. ஏற்கெனவே 500 கிலோ துணி இருக்கிறது. அடுத்த மாத வேலையைத் தொடங்க 300 கிலோ மிஞ்ச வேண்டும்.

1,840 + 300 − 500 = 1,640 கிலோ

கிலோ 400 ரூபாய் என்றால் கொள்முதல் பட்ஜெட் ரூ.6,56,000. நேரடியாக 2,000 கிலோ வாங்கியிருந்தால் ரூ.8 லட்சம். கூடுதலாகப் போன ரூ.1,44,000, விற்பனை குறையும் மாதத்தில் துணியாகவே குடோனில் கிடக்கும்.

எங்கே தப்பு நடக்கும்?

தொடக்க இருப்பைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் உற்பத்தி 10,800 என வரும். 1,600 டி-ஷர்ட் தேவையில்லாமல் தைக்கப்படும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். தொடக்க இருப்போடு உற்பத்தியைக் கூட்டி விற்பனையைக் கழித்தால், திட்டமிட்ட இறுதி இருப்பு வர வேண்டும். 2,000 + 9,200 − 10,000 = 1,200. சரியாக இருக்கிறது. தவறான கணக்கில் 2,800 வந்து நிற்கும்.

இன்னொரு சிக்கல் கட்டிங் வேஸ்ட். தைத்த டி-ஷர்ட்டில் இருப்பது 180 கிராம் துணிதான். வாங்கும் துணியில் 10 சதவீதம் கட்டிங்கில் போகிறது என்றால், 180-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். அதனால்தான் 200 கிராம். 180-ல் 10 சதவீதத்தைக் கூட்டினால் 198 கிராம்தான் வரும். 2 கிராம்தானே என்று விட்டால், 9,200 டி-ஷர்ட்டுக்கு 18 கிலோவுக்கு மேல் துணி குறையும்.

ஒரு எச்சரிக்கை: விற்பனை மதிப்பீடே தவறினால் இந்த இரண்டு பட்ஜெட்டும் சேர்ந்தே தவறும். ஆர்டர் மாறினால், முதல் வரியிலிருந்து மறுபடியும் போட வேண்டும்.