தாய்ப்பால் ஆலோசனைக் குறிப்பு

பாலூட்டச் சிரமப்படும் தாய்க்குச் சொன்ன யோசனைகளையும், அடுத்து என்று, எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிவைக்கும் மருத்துவப் பதிவு. “பால் போதவில்லை, அடிக்கடி கொடுக்கச் சொன்னோம்” என்று ஒற்றை வரியில் முடிப்பது பயன்படாது. அடுத்து வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலையில் தைப்பு வேலை பார்க்கும் ஒரு தாயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தலைப்பிரசவம், ஐந்தாம் நாள் வருகிறார். பிறந்தபோது 2,900 கிராம் இருந்த குழந்தை இப்போது 2,620 கிராம். முதல் சில நாளில் எடை குறைவது இயல்புதான். ஆனால் இங்கே குறைவு கிட்டத்தட்ட பத்து சதவீதம். ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டிய குழந்தை மூன்றே முறை கழித்திருக்கிறது. காம்பில் வெடிப்பு. வீட்டில் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவர் பார்த்ததில் குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது. காய்ச்சலோ கவலைப்படும் அளவுக்கு மஞ்சள் காமாலையோ இல்லை.

பிறகு ஒரு முறை பாலூட்டச் சொல்லி, அதை முழுவதும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தக் குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறது. வெடிப்புக்கும் பால் சரியாக இறங்காததற்கும் காரணம் அதுவே. குழந்தையின் உடல் முழுவதும் தாயை நோக்கித் திரும்பியிருக்க, வாயை அகலத் திறக்கும் நொடியில் மார்போடு அணைக்கக் காட்டிக்கொடுத்தார்கள். தாடை மார்பில் பட்டு, கீழுதடு வெளியே மடங்கி, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேற்பக்கம் அதிகமாகத் தெரிந்தால் கவ்வல் சரி. விழுங்கும் சத்தமும் கேட்கும். குறிப்பில் எழுதியது இது: பகலிரவாக 8 முதல் 12 முறை ஊட்டவும், ஊட்டியபின் கையால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்கவும், சர்க்கரைத் தண்ணீரை நிறுத்தவும். பாட்டியும் உடனிருந்து கேட்டார் என்பதையும் சேர்த்தார்கள். அது வேண்டிய வரிதான், ஏனென்றால் சர்க்கரைத் தண்ணீர் பெரும்பாலும் தாயின் முடிவாக இருப்பதில்லை.

மறுநாளே எடை பார்க்க வேண்டும். அதன்பின் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும். எடை ஏறத் தொடங்கியபின் நாளுக்கு 25 முதல் 30 கிராம் கூடினால் பால் போதுகிறது என்று பொருள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டுவதே எதிர்பார்ப்பு. குழந்தை பாலுக்கு எழாமல் துவண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ குறித்த நாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் தேதிக்கும் ஒரு வரி வேண்டும். 2017 மகப்பேறு விடுப்புச் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவருக்கு மிஞ்சுவது 18 வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரை அங்கேதான் இடறுகிறது. ஆகவே பால் பீய்ச்சி வைக்கும் பழக்கத்தை வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கும்படி எழுதுவது நல்லது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம்.