தோட்டத்துக் குழியும் கற்கோடரியும்: செம்பியன் கண்டியூர் தரும் பாடம்

மயிலாடுதுறையை அடுத்த செம்பியன் கண்டியூரில், 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டினார். மண்ணோடு இரண்டு கற்கள் வந்தன. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு முனை குறுகி, மறுமுனை விரிந்து கூராகத் தேய்ந்திருந்தன. அவர் அவற்றை வரப்போரம் எறிந்துவிடவில்லை. தொல்லியலில் ஈடுபாடு கொண்டவர் என்பதால், தரங்கம்பாடி அகழ்வைப்பகக் காப்பாட்சியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே பார்த்தபோதுதான் அவை கற்கோடரிகள் என்பதும், ஒரு கல்லில் நான்கு குறிகள் கீறப்பட்டிருப்பதும் கவனத்துக்கு வந்தன. அந்தக் குறிகள் சிந்துவெளி எழுத்துகள் என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். தமிழகத்தில் ஒரு நூற்றாண்டில் கிடைத்த மிகப் பெரிய தொல்லியல் கண்டுபிடிப்பு என்றும் அதைப் போற்றினார்.

நம் ஊர்களில் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, கடைக்கால், தென்னங்குழி என்று ஆண்டு முழுதும் மண் வெட்டுகிறோம். இனம் தெரியாத பொருள் வெளிப்படும்போது அது வெறும் கல்லா, வரலாற்றுப் பொருளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தத் தோட்டத்துக் கற்களை வைத்தே இதை விளக்கலாம்.

மண்ணுக்குச் சொந்தமில்லாத கல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பொருள் இந்த மண்ணில் தானாக வந்திருக்க முடியுமா என்பதுதான். காவிரிப் படுகை ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனது. தோண்டினால் களியும் மணலும் வருமே தவிரப் பாறை வராது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அத்தகைய மண்ணில் கனமான கருங்கல் துண்டு ஒன்று கிடைத்தால், எப்போதோ ஒரு மனிதர் அதை அங்கே கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கற்கோடரியின் கல் தென்னிந்தியப் பாறை வகையைச் சேர்ந்தது என்பதால், அது இங்கேயே கீறப்பட்டிருக்க வேண்டும் என்று மகாதேவன் கருதினார். ஆனால் பாறை நிறைந்த தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கல் கிடைப்பது மட்டும் சான்றாகாது. அங்கே வடிவத்தைப் பார்த்தாக வேண்டும்.

புதிய கற்காலக் கற்கோடரிக்கு வடிவம் ஒரு கணக்கோடு இருக்கும். முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலச் சரிந்து வந்து வாய்ப்பகுதியில் கூராகச் சேரும். முதலில் சில்லுச் சில்லாகப் பெயர்த்து உருவம் கொடுத்து, பிறகு பாறையில் நீரும் மணலும் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். வாய்ப்பகுதி பளபளக்க, அடிப்பகுதி சொரசொரப்பாகவே விடப்பட்டிருப்பதும் உண்டு. வெயிலில் சாய்த்துப் பிடித்தால், தேய்த்த கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும்; வாயில் சிறு சிறு பொக்கைகள் இருந்தால் வேலை செய்த கருவி என்று கொள்ளலாம். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லும் வழவழப்பானதுதான். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி மழுங்கியிருக்கும், கூர்வாய் இராது. உடைந்த அம்மிக் குழவி உருளையாக இருக்கும், அதன் உடைந்த பக்கத்தில் பொரிபொரியாகக் கல்மணிகள் தெரியும்.

திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது இத்தகைய கற்கோடரிகள் கிடைத்தன. தருமபுரி வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் பிள்ளையார் கோயில்களிலும் மரத்தடிகளிலும் இவற்றை வரிசையாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஏர் உழுதவர்கள் எடுத்துவந்து வைத்தவை அவை.

குழி சொல்லும் பாதி

செம்பியன் கண்டியூர்க் கல்லைப் பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை. கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்டது என்று மகாதேவன் காலம் குறித்தார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. குறிகள் எழுத்தா, பானையோடுகளில் காணப்படுவது போன்ற கீறல் குறியீடா என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. ஐயத்தைத் தீர்ப்பது அரிதாக இருப்பதற்கு ஒரு முதன்மைக் காரணம், அந்தக் கல் முறையான அகழாய்வில், மண்ணடுக்கோடு சேர்ந்து கிடைக்கவில்லை என்பதே. கல் எக்காலத்தில் உருவானது என்று சோதித்து அறிந்தாலும் அது பாறையின் வயதாகத்தான் இருக்கும், அதைச் செதுக்கியவரின் காலமாக இராது. அதே அடுக்கில் கிடக்கும் கரித்துண்டு, எலும்பு, பானையோடு ஆகியவைதான் காலத்தைச் சொல்லும். பிறகு தொல்லியல் துறை அவ்வூரில் அகழாய்வு நடத்தி, முதுமக்கள் தாழிகளையும் கருப்பு சிவப்புப் பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தது. ஒரு தோட்டத்துக் கல்தான் அந்த ஊரையே ஆய்வுக்குரிய இடமாக்கியது.

ஆகவே பொருளைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், கிணறு அல்லது வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, மண் என்ன நிறம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, குழியோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். கூடவே வந்த ஓட்டுத்துண்டுகளைக் குப்பை என்று ஒதுக்காமல் தனிப் பையில் போட வேண்டும். புளியோ எலுமிச்சையோ கம்பி நாரோ கொண்டு தேய்க்கக் கூடாது. செப்புக் காசின் எழுத்தும் பானைக்குள் ஒட்டிய பழைய உணவின் கரியும் அதில் போய்விடும். தடித்த பானை விளிம்பு வட்டமாகத் தெரிந்தால் அது தாழியாக இருக்கலாம். அதைப் பெயர்க்காமல் மண்ணால் மூடிவைத்துவிட்டுத் தகவல் சொல்வதே சரி.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். நம் தோட்டங்களுக்கு ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அடிக்கும் வழக்கம் உண்டு. பழைய கடைக்காலுக்கு வேறிடத்து மண்ணைக் கொட்டியிருப்பார்கள். மேல் ஓரடி மண்ணில் பழைய ஓட்டோடு பிளாஸ்டிக்கும் சிமெண்டுக் கட்டியும் கலந்து கிடந்தால், அந்த ஓடு வேறெங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். அப்போது மண் எந்த ஏரியிலிருந்து வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்துவைத்தால், தேட வேண்டிய இடம் அந்த ஏரிக்கரை என்பது தெரியவரும்.

சட்டம் சொல்வது

புதையலை வெளியில் சொன்னால் அரசு பறித்துக்கொள்ளும் என்ற அச்சத்தால் பலர் மறைக்கிறார்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். உரிமை கோருபவர் எவரும் இல்லையென்று விசாரணையில் முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு தனக்கென எடுத்துக்கொண்டால், அந்தப் பொருள் ஆக்கப்பட்ட மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. நேர்மையாகச் சொல்பவருக்குத்தான் சட்டம் பக்கத்தில் நிற்கிறது.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் இப்படியொரு பொருள் கிடைத்தால், விலை கேட்டு வருபவரிடம் கொடுக்காதீர்கள். குழியை அப்படியே விட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ அன்றே சொல்லுங்கள்.