மாடியில் சோலார் பேனல்: போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?

சோலார் பேனல் விற்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். மாதம் இத்தனை யூனிட் உற்பத்தியாகும், யூனிட்டுக்கு 8 ரூபாய், ஆகவே 4 வருடத்தில் முதல் திரும்பிவிடும் என்பார்கள். தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. சோலார் யூனிட் அந்தப் படிகளில் மேலே உள்ளதைத்தான் முதலில் குறைக்கிறது. எனவே உங்கள் ரசீது எந்தப் படியில் நிற்கிறது என்பதே முக்கியம்.

முதலில் முதலீட்டைப் பார்ப்போம். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. இந்தியாவில் தயாரான செல்களும் பேனலும் இருந்தால்தான் மானியம் கிடைக்கும். அதுவும் எல்லாம் பொருத்தி, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகே நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணத்தையும் நாமே புரட்ட வேண்டும். வட்டிக் கடன் வேண்டாம் என்பவர்கள் தவணையில் வாங்கினால், ரொக்க விலையை விட்டுவிட்டு, தவணையில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையே விலையாக எழுதிக்கொள்ளுங்கள்.

3 கிலோவாட் அமைப்புக்கு 1,95,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக நம் கையிலிருந்து 1,17,000. நல்ல வெயில் விழும் மாடியில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். அதன்படி 3 கிலோவாட்டில் மாதம் 350, இரு மாதத்துக்கு 700 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நன்றாகவே குறையும், கோடையில் கூடும். 700 என்பது வருடச் சராசரி.

கணக்கு எளிதாக இருக்க 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறோம். அதன் பிறகு சற்று உயர்ந்திருக்கிறது.

இரு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் ஒரு வீடு. முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட் 4.50 வீதம் 1,350. அடுத்த நூறுக்கு 600, அதற்கடுத்த நூறுக்கு 800. 601 முதல் 800 வரை 9 ரூபாய் வீதம் 1,800. கடைசி நூறுக்கு 1,000. மொத்தம் 5,550. சோலார் 700 யூனிட்டைக் கழித்தால் மிச்சம் 200 யூனிட்தான், அதற்குக் கட்டணம் 225. மிச்சமாகும் பணம் 5,325. மாதத்துக்கு ஏறக்குறைய 2,660 ரூபாய். 1,17,000-ஐ இதால் வகுத்தால் 44 மாதம். விற்பவர் சொன்னது இந்த வீட்டுக்குச் சரிதான்.

அதே பேனலை 500 யூனிட் ஓடும் வீட்டில் வைத்தால்? அவர்களின் பழைய ரசீதே 1,725 ரூபாய்தான். 700 யூனிட் உற்பத்தியானாலும் அதற்கு மேல் மிச்சமாக வழியில்லை. கூடுதல் யூனிட் அடுத்த ரசீதுக்கு வரவாகப் போகும், ஆனால் அங்கும் இதே கதைதான். வருடத்துக்கு 10,350 மிச்சம், முதல் திரும்ப 11 வருடத்துக்கு மேல். அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டியும் வரலாம். இந்த வீட்டுக்கு 1 கிலோவாட் போதும். 75,000-ல் மானியம் போக 45,000. இரு மாதத்துக்கு 230 யூனிட் கிடைத்தால் ரசீது 1,725-லிருந்து 540 ஆகும். ஆறு வருடம் சொச்சத்தில் பணம் திரும்பும்.

கூட்டுக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால், சோலார் இணைத்த மீட்டரின் ரசீதுதான் குறையும். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டு 3 கிலோவாட் வாங்கினால், நாம் மேலே பார்த்த இரண்டாவது வீட்டின் நிலைதான்.

பொருத்திய பின் உற்பத்தியை மின்வாரிய ரசீதில் தேடாதீர்கள். பகலில் வீட்டிலேயே செலவாகும் சோலார் மின்சாரம் அதில் தெரியாது, வெளியே போனது மட்டுமே தெரியும். இன்வெர்ட்டர் காட்டும் மாத யூனிட்டைக் குறித்து வையுங்கள். மழை இல்லாத மாதத்திலும் 3 கிலோவாட்டுக்கு 300-ஐ எட்டவில்லை என்றால், காலையிலும் மாலையிலும் மாடிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அதோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புப் படிவும் பறவை எச்சமும் சேரும். அதிகாலையில் சாதாரணத் தண்ணீரால் கழுவிவிட்டு, மறுநாள் யூனிட்டை ஒப்பிட்டால் அழுக்கா, நிழலா என்பது தெரிந்துவிடும்.